கணக்குப் புத்தகம் எதிராளி கையில்

மகாராஷ்டிரத்தில் கல்யாணுக்கு அருகே உள்ள ஹாஜி மலங் தர்கா நிலம் தனக்கே சொந்தம் என்று வாதாடினார், தர்காவை நிர்வகித்தவர். வருமானக் கணக்கு அவரிடம்தான் இருந்தது, நீதிமன்றத்தில் காட்டவில்லை. ‘யாரும் கேட்கவில்லையே’ என்ற வாதம் எடுபடவில்லை. கணக்கு வெளிவந்தால் அவருக்குப் பாதகமாகவே இருக்கும் என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது.

ஆனாலும் கேட்டுவிடுவதே நல்லது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11-ன்படி, வழக்குக்குத் தேவையான ஆவணங்களை எதிர்த்தரப்பு வெளிப்படுத்தவும் பார்வையிட விடவும் மனுப் போடலாம். உத்தரவை மீறினால் வாதியின் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படலாம். வேண்டுமென்றே மீறியவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது.

அசலைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தும் தராவிட்டால், கேட்டவர் நகலையே சாட்சியமாக வைக்கலாம். மறைத்தவரோ, எதிர்த்தரப்பின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல், பிறகு அந்த அசலைத் தனக்குச் சாதகமாகக் காட்ட முடியாது.