சரக்கு இருந்தது, கணக்கில் இல்லை

1999 அக்டோபர். அமெரிக்காவில் ஹாலோவீன் பண்டிகைக்காக மிட்டாய் விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதம். ஹெர்ஷி நிறுவனத்துக்குக் கடைகளிடமிருந்து ஆர்டர்கள் குவிந்தன. கிடங்குகளில் சரக்கும் இருந்தது. ஆனாலும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள மிட்டாயை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

அந்த ஆண்டு ஜூலையில்தான் ஹெர்ஷி மூன்று மென்பொருள்களைச் சேர்த்து இயக்கத் தொடங்கியிருந்தது. இ.ஆர்.பி.க்கு எஸ்.ஏ.பி., வாடிக்கையாளர் உறவுக்கு சீபெல், விநியோகச் சங்கிலிக்கு மனுஜிஸ்டிக்ஸ். வணிகவியல் மாணவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் அதே மூன்று. ஒரு கடை 1,000 பெட்டி சாக்லேட் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால் இவற்றின் வேறுபாடு விளங்கும்.

அந்தக் கடை சென்ற ஆண்டு எவ்வளவு வாங்கியது, எந்தச் சலுகைக்கு இசைந்தது, என்ன புகார் சொன்னது என்பதெல்லாம் வாடிக்கையாளர் உறவு மென்பொருளில் இருக்கும். விற்பனையாளர் பயன்படுத்துவது இதைத்தான்.

விநியோகச் சங்கிலி மென்பொருள் வரப்போகும் நாட்களைப் பார்க்கிறது. அக்டோபரில் எத்தனை பெட்டி தேவைப்படும், எந்த ஆலையில் எப்போது தயாரிப்பது, எந்தக் கிடங்கிலிருந்து எந்த லாரியில் அனுப்புவது என்று திட்டமிடுவது அதன் வேலை.

இ.ஆர்.பி. நடந்ததைப் பதிகிறது. சரக்கு வெளியேறியதும் இருப்பில் 1,000 பெட்டி குறையும், பில் உருவாகும், கடனாளி கணக்கில் பற்றும் விற்பனைக் கணக்கில் வரவும் விழும். நீங்கள் நோட்டில் எழுதும் இரட்டைப் பதிவு முறை இங்கே தானாகவே நடக்கிறது.

ஹெர்ஷியில் சிக்கல் எழுந்தது இந்த இருப்புக் கணக்கில்தான். பண்டிகை நெரிசலில் கூடுதல் சரக்கைக் கிடைத்த அறைகளிலெல்லாம் அடுக்கிவைப்பது அங்கே பழைய வழக்கம். ஊழியர்களுக்குத் தெரிந்திருந்த அந்த இடங்களில் பல எஸ்.ஏ.பி.யில் சேமிப்பிடங்களாகப் பதியப்படவில்லை. ஆர்டரை நிறைவேற்றும்முன் இருப்பைத் தேடும் மென்பொருளுக்கு, பதியாத சரக்கு இல்லாத சரக்குதான். இருப்பு எண் தவறினால் அதை நம்பிப் போடும் விநியோகத் திட்டமும் தவறும், விற்பனையாளர் கடைக்குக் கொடுத்த வாக்கும் பொய்க்கும்.

இன்று ஒரே நிறுவனம் மூன்றையும் சேர்த்தே விற்பதால், பெயரை வைத்துப் பிரித்தறிவது கடினம். சிக்கலை வைத்துப் பிரிக்கலாம். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு விற்பனையாளர்கள் வெவ்வேறு தள்ளுபடி சொன்னால், வாடிக்கையாளர் உறவுப் பதிவைப் பாருங்கள். ஒரு கிடங்கில் சரக்கு தேங்கி, இன்னொன்றில் தட்டுப்பாடு வந்தால், விநியோகத் திட்டத்தைப் பாருங்கள். எண்ணிப் பார்த்த சரக்கும் ஏட்டில் உள்ள இருப்பும் பொருந்தாவிட்டால், இ.ஆர்.பி.யைப் பாருங்கள். மூன்றும் ஒருசேர வந்தால் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குங்கள்.