கிலோமீட்டரை விடுங்கள், நிமிடத்தை எண்ணுங்கள்

இரண்டு வண்டி வைத்து மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் விநியோகஸ்தர்கள் பலரும் டீசல் கணக்கைத்தான் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். வண்டி ஐந்து கிலோமீட்டர் சுற்றிப் போனால் கவலைப்படுகிறார்கள். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தாலும் அந்த ஐந்து கிலோமீட்டரில் போவது முப்பது ரூபாய் சொச்சம். அதே நாளில் நேரம் போதாமல் 5,000 ரூபாய் பில் ஒன்று சரக்கோடு குடோனுக்குத் திரும்பி வந்தால், ஐந்து சதவீத லாபமே ஆனாலும் 250 ரூபாய் நின்றுபோகிறது. அந்தக் கடைக்காரர் வேறு பிராண்டை வாங்கி அடுக்கிவிட்டால் அடுத்த வார ஆர்டரும் போயிற்று. ஆகவே டெலிவரி ரூட் போடுவது தூரத்தைக் குறைக்கும் வேலை மட்டுமல்ல. வண்டிக்குக் கிடைக்கும் ஏழெட்டு மணி நேரத்தைக் கடைகளுக்குப் பங்கிடும் வேலை அது.

கும்பகோணத்தில் பிஸ்கட், சோப்பு, மசாலா விநியோகம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவரிடம் இரண்டு குட்டி யானைகள். மொத்தம் 240 கடைகள். எல்லாக் கடைக்கும் வாரம் ஒரு முறை டெலிவரி, அதில் பெரிய கடைகள் 24-க்கு மட்டும் இரண்டு முறை. ஆக வாரத்துக்கு 264 டெலிவரி. ஆறு வேலை நாளில் வகுத்தால் நாளொன்றுக்கு 44. ஆளுக்குப் பாதி என்று 22, 22 ஆகப் பிரிப்பதுதான் முதலில் தோன்றும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வண்டி டவுனுக்கு, ஒரு வண்டி சுற்றுவட்டாரத்துக்கு என்று வைத்து 26 கடை, 18 கடையாகப் பிரித்துப் பாருங்கள். டவுனில் வண்டியை நிறுத்தி, சரக்கை இறக்கி, கடைக்காரர் சரிபார்த்து, பணம் வாங்கி வர ஒரு கடைக்குச் சராசரி 10 நிமிடம். 26 கடைக்கு 260 நிமிடம். கடைக்குக் கடை நகர 4 நிமிடம் வீதம் 100. குடோனிலிருந்து போய்வர 20, சாப்பாட்டுக்கு 30. கூட்டினால் 410 நிமிடம், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். வண்டி ஓடியதோ 18 கிலோமீட்டர்தான்.

மற்ற வண்டி சோழபுரம், திருப்பனந்தாள் பக்கம் போகிறது. ஊர்களுக்குள் நுழைந்து திரும்பினால் 55 கிலோமீட்டர். கடைக்கு 9 நிமிடம் வீதம் 162, இடையில் நகர 7 நிமிடம் வீதம் 119, போய்வர 60, சாப்பாட்டுக்கு 30. மொத்தம் 371 நிமிடம். தூரம் மூன்று மடங்கு, நேரமோ குறைவு. கடை எண்ணிக்கையையோ தூரத்தையோ மட்டும் பார்த்துப் பிரித்தால் ஒரு டிரைவர் மூன்று மணிக்கே வந்துவிடுவார், மற்றவர் ஏழு மணிக்குப் பில்லோடு திரும்புவார்.

இந்த நிமிடங்களை ஊகத்தில் போடக் கூடாது. ஒரு வாரம் மட்டும், பில்லின் பின்புறம் கடைக்கு வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் டிரைவர் குறித்து வந்தால் போதும். எந்தக் கடை ஐந்து நிமிடம், எந்தக் கடை அரை மணி என்பது தெளிவாகிவிடும்.

கடைகளைக் கொத்தாகப் பிரிப்பது

ரூட் என்பது வண்டி கிளம்பும் காலையில் தீர்மானமாவதில்லை. முந்தின நாள் சேல்ஸ்மேன் எந்தத் தெருவில் ஆர்டர் எடுத்தாரோ, அங்கேதான் மறுநாள் வண்டி போக வேண்டும். அவர் ஒரே நாளில் தாராசுரத்தில் பத்துக் கடை, நாச்சியார்கோவிலில் நான்கு கடை என்று எடுத்தால், எவ்வளவு திறமையான டிரைவராலும் அதை ஒரு ரூட்டாக்க முடியாது. அதனால் முதலில் செய்ய வேண்டியது, 240 கடைகளையும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்து, பன்னிரண்டு கொத்தாகப் பிரிப்பது. டவுனுக்கு ஆறு, வெளியூருக்கு ஆறு. சேல்ஸ்மேனின் பீட்டும் வண்டியின் ரூட்டும் ஒரே கொத்தாக இருக்க வேண்டும்.

பிரிக்கும்போது ஊரின் இயற்கையான எல்லைகளை மதிக்க வேண்டும். கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. பாலம் தாண்டித்தான் மறுகரைக்குப் போக வேண்டும். வரைபடத்தில் அரைக் கிலோமீட்டராகத் தெரியும் இரு கடைகளுக்கு நடுவே ஆறு இருந்தால் அவை ஒரே கொத்து ஆகாது. ஒரு நாளில் பாலத்தைப் போக ஒரு முறை, வர ஒரு முறைக்கு மேல் தாண்டக் கூடாது என்பதை விதியாக வைக்கலாம். வெளியூரில் மெயின் ரோடுகளே எல்லை. பாபநாசம் ரோடு ஒரு நாள், திருவிடைமருதூர் – ஆடுதுறை ரோடு ஒரு நாள், வலங்கைமான் ரோடு ஒரு நாள் என்று ரோட்டுக்கு ஒரு நாள். போகும்போது இடப்பக்கக் கடைகளையும், திரும்பும்போது எதிர்ப்பக்கக் கடைகளையும் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை.

கொத்துக்குள் எந்தக் கடை முதலில் என்பதைக் கடைக்காரரின் நேரம்தான் முடிவு செய்யும். தெருமுனைக் கடையில் காலை பத்து மணி வரை பால், இட்லி மாவு வியாபாரம். அந்நேரம் சரக்கோடு போய் நின்றால் “செத்த இருங்க தம்பி” என்பார், கால் மணி நேரம் போய்விடும். மதியம் பல கடைகள் அடைத்துவிடும். கடைத்தெருவில் உள்ள மொத்தக் கடைகளுக்கோ காலையில் சீக்கிரம் போனால்தான் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்கும். ஆகவே காலையில் கடைத்தெரு, பத்து மணிக்கு மேல் தெருக்கடைகள், மதியத்தில் அடைக்காத பெரிய கடைகள் என்ற வரிசை டவுனுக்குப் பொருந்தும். போன் காட்டும் மிகக் குறைந்த தூர வழிக்கு இந்த விவரம் தெரியாது. பழைய டிரைவருக்குத் தெரியும். அவரை உட்கார வைத்துத்தான் வரிசை எழுத வேண்டும்.

குடோன் வாசலைத் தாண்டும் முன்

நல்ல ரூட்டையும் கெடுப்பது தவறாக ஏற்றிய லோடு. கடைக்குப் போன பிறகு வண்டிக்குள் ஏறி இரண்டு டஜன் ஷாம்பு சரத்தையும் ஆறு சோப்பையும் தேடினால் பத்து நிமிடம் பதினைந்தாகிறது. 26 கடைக்கு ஐந்து நிமிடம் கூடினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போச்சு. இதற்கு எளிய வழி உண்டு. முழுப் பெட்டிகளை ஐட்டம் வாரியாக அடுக்குங்கள். சில்லறைச் சரக்கை மட்டும் முந்தின மாலையே கடைவாரியாகச் சாக்கிலோ கவரிலோ கட்டி, ரூட் வரிசை எண்ணை மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள். கடைசிக் கடையின் மூட்டை முதலில் உள்ளே போக வேண்டும், முதல் கடையின் மூட்டை கதவோரம் இருக்க வேண்டும். பில்களும் அதே வரிசையில்.

சரக்கின் தன்மையையும் பார்க்க வேண்டும். பிஸ்கட்டும் சிப்ஸும் எடை ஏறும் முன்பே இடத்தை அடைத்துவிடும். சோப்பும் எண்ணெயும் பாதி இடத்திலேயே எடையை எட்டிவிடும். குட்டி யானை சுமப்பது ஏறக்குறைய முக்கால் டன். கடைக்குச் சராசரி 30 கிலோ என்றாலே 26 கடைக்கு 780 கிலோ ஆகிவிடும். அன்று கனமான இரண்டு கடைகளை மற்ற வண்டிக்கு மாற்றுவதே சரி.

செக்லிஸ்ட் நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள், டிக் மட்டும் போடுவார்கள். ஒரு பக்கத்துக்குள் இது போதும்:

மாலை: ஆறு மணியோடு ஆர்டர் நிறுத்தம், பில் வரிசைப்படுத்தல், லோடு ஷீட், சில்லறை மூட்டை.

காலை: லோடு ஷீட்டை வைத்துப் பெட்டி எண்ணிக்கை, டிரைவர் கையெழுத்து, வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று; டயர், டீசல்; சில்லறைப் பணம்; நிறுவனத்தின் கியூ.ஆர். அட்டை, பழைய பாக்கிப் பட்டியல், ரிட்டர்ன் சரக்குக்குத் தனிப் பெட்டி.

பெட்டி எடுத்துக் கொடுத்தவரே எண்ணக் கூடாது. எடுத்தவர் ஒருவர், எண்ணுபவர் இன்னொருவர். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும் என்பதால், மொத்தக் கடைகளுக்குப் போகும் பெரிய பில் இருந்தால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

மாலைக் கணக்கும் திரும்பிய பில்லும்

வண்டி திரும்பிய பிறகும் செக்லிஸ்ட் பாதிதான் முடிந்திருக்கிறது. இரண்டு சமன்பாடுகள் சரியாக வந்த பிறகே டிரைவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். முதலாவது சரக்கு: ஏற்றியது, கொடுத்ததும் திரும்பியதும் சேர்ந்ததற்குச் சமம். 184 பெட்டி ஏற்றி, 178 கொடுத்து, 5 திரும்பினால் ஒன்று குறைகிறது. அதே மாலை கேட்டால் எந்தக் கடையில் மாறி இறங்கியது என்பது டிரைவருக்கு நினைவிருக்கும். மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, வீண் சந்தேகம்தான் மிஞ்சும்.

இரண்டாவது பணம். பில் தொகை 1,36,400 ரூபாய் என்றால், ரொக்கம் 58,200, யு.பி.ஐ. 31,500, செக் 18,000, கையெழுத்து வாங்கிய கடன் 24,300, ரிட்டர்ன் 4,400 என்று அது முழுமையாகக் கூட வேண்டும். யு.பி.ஐ. பணத்தை டிரைவரின் சொந்த எண்ணுக்கு ஒருபோதும் வாங்கக் கூடாது. எலி கடித்தது, காலாவதியானது என்று கடைக்காரர் கழித்துக்கொண்ட தொகைக்குச் சரக்கும் சீட்டும் சேர்ந்து வந்தால்தான் கணக்கில் ஏற்ற வேண்டும்.

திரும்பி வந்த ஒவ்வொரு பில்லிலும் காரணம் எழுதியிருக்க வேண்டும். ரூட் சரியா என்று சொல்வது அந்தக் காரணங்கள்தான். ‘நேரமில்லை’ என்று அடிக்கடி வந்தால் கொத்து பெரிதாகிவிட்டது. ‘கடை மூடல்’ என்றால் வரிசை தவறு. ‘பணமில்லை’ என்றால் பழைய பாக்கியைப் பார்க்காமல் ஆர்டர் எடுத்திருக்கிறார்கள். ‘நான் ஆர்டரே போடலையே’ என்று கடைக்காரர் சொன்னால், டார்கெட்டுக்காகச் சேல்ஸ்மேன் பில் போட்டிருக்கலாம். நான்கில் முதல் இரண்டு மட்டுமே ரூட்டின் குறை. மற்ற இரண்டுக்கு டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

ரூட்டை உடைக்கும் இன்னொன்று நடுப்பகல் போன் அழைப்பு. “ஒரே ஒரு பெட்டிதான், அனுப்பிவிடுங்கள் அண்ணே” என்பதற்காக வண்டியைத் திருப்பினால் அரை மணி நேரம் போகும். அது மூன்று கடையின் நேரம். வண்டி அன்று அந்தப் பக்கம் போனால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு வண்டி வரும் கிழமையைச் சொல்லுங்கள். கிழமை மாறாமல் வண்டி வந்தால் கடைக்காரரும் அதற்கேற்ப ஆர்டர் போடப் பழகிவிடுவார். ஒரு வண்டி எஃப்.சி.க்கோ ரிப்பேருக்கோ நிற்கும் நாளுக்கும் முன்னதாகவே முடிவு இருக்கட்டும். அன்று பெரிய கடைகளுக்கு மட்டும் மற்ற வண்டி போகும், மீதிக் கடைகளுக்குக் காலையிலேயே போன் செய்து நாளைச் சொல்லிவிட வேண்டும். இதற்காகவே இரண்டு டிரைவர்களுக்கும் இரண்டு ரூட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை ஓடவில்லை, மூன்றாவது வண்டி வாங்கலாம் என்று நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு வாரம் நிமிடக் குறிப்பும் திரும்பிய பில்லின் காரணங்களும் எழுதிப் பாருங்கள். வண்டி கடை வாசலில் காத்து நிற்கும் நேரமும் உள்ளே சரக்குத் தேடும் நேரமும் குறைந்த பிறகும் ‘நேரமில்லை’ பில்கள் வந்துகொண்டே இருந்தால், அப்போது வாங்குங்கள்.