ஒரே இருக்கைக்கு இரண்டு பயணிகள்

பேருந்து டிக்கெட் முன்பதிவுக்கு ஓர் ஆப் உருவாக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை தொடங்கும் முன்பே அது என்னென்ன செய்ய வேண்டும் என்று ஓர் ஆவணம் எழுதுவார்கள். பயனருக்கு என்ன தேவை என்று அதில் ஓரிரு வரியில் சொல்வதுதான் யூசர் ஸ்டோரி. அந்தத் தேவை நிறைவேறியதா என்று சரிபார்க்கும் நிபந்தனைகள் அதன் கீழே இருக்கும்.

இந்த ஆவணத்தைப் பரிசீலிப்பவர் முதலில் தேடுவது, சோதித்துப் பார்க்கவே முடியாத வரிகளை. "பயணி விரைவாக இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும்" என்பது அப்படி ஒரு வரி. எத்தனை விநாடி விரைவு? எந்த இணைப்பில்? ஒரு டெஸ்டர் பாஸ் என்பார், இன்னொருவர் ஃபெயில் என்பார். இருவர் மேலும் தப்பில்லை. "4ஜி இணைப்பில் 100 முறை திறந்தால் 95 முறையாவது 3 விநாடிக்குள் இருக்கை வரைபடம் தெரிய வேண்டும்" என்று எழுதினால் பேச்சுக்கே இடமில்லை. நல்ல யூசர் ஸ்டோரிக்கு பில் வேக் 2003-ல் வகுத்த ஆறு தகுதிகளில் கடைசியானது இதுதான்: சோதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

முரண்பாட்டைப் பிடிப்பதுதான் கடினம். ஏனென்றால் மோதிக்கொள்ளும் நிபந்தனைகள் அருகருகே இருப்பதில்லை. நம் ஆவணத்தில் 4-ஆம் நிபந்தனை, தேர்ந்தெடுத்த இருக்கையை 8 நிமிடம் மட்டும் பிடித்துவைத்துவிட்டு விடுவிக்கச் சொல்கிறது. பல பக்கங்கள் தள்ளி 17-ஆவது, வங்கியின் பதிலுக்கு 15 நிமிடம் வரை காத்திருக்கலாம் என்கிறது. 18-ஆவது, பணம் வந்துவிட்டால் தேர்ந்தெடுத்த இருக்கையையே உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. தனித்தனியாகப் படித்தால் மூன்றும் நியாயமானவை.

பக்க வரிசையில் படித்துக்கொண்டே போனால் இது கண்ணில் படாது. 'இருக்கை' என்ற ஒரே பொருளைத் தொடும் நிபந்தனைகளை எல்லாம் ஒரு தாளில் சேர்த்து, கடிகாரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். 10:00 மணிக்கு ஒருவர் 12-ஆம் இருக்கையைத் தொடுகிறார். 10:07-க்குப் பணம் அனுப்புகிறார். வங்கியிடமிருந்து பதில் இல்லை. 10:08-க்கு இருக்கை விடுபடுகிறது. 10:09-க்கு இன்னொருவர் அதை எடுத்து, உடனே பணமும் கட்டிவிடுகிறார். 10:12-க்கு முதலாமவரின் பணம் வந்து சேர்கிறது. இப்போது 12-ஆம் இருக்கை யாருக்கு? 18-ஆவது நிபந்தனைப்படி இருவருக்கும்!

பணம் செலுத்தத் தொடங்கியதும் பிடிப்பு நேரத்தை நீட்டலாம். இருக்கைகள் வீணாகக் காத்துக்கிடக்கும். அல்லது தாமதமாக வந்த பணத்தைத் திருப்பித் தரலாம்; பயணி கோபப்படுவார். இரண்டில் எது என்பது தொழில் சார்ந்த முடிவு. அதை டெஸ்டரோ புரோகிராமரோ தாமாக எடுத்துவிடக் கூடாது. மூன்று நிபந்தனைகளின் எண்களையும், மேலே கண்ட நேர வரிசையையும் எழுதி, ஆவணத்துக்குப் பொறுப்பான புராடக்ட் மேனேஜருக்கு அனுப்புங்கள். அவர் பதில் எழுத்தில் வரும்வரை இந்தப் பகுதிக்கு ஒரு வரி கோடுகூட எழுத வேண்டாம்.