வயதைக் கழித்தால் துடிப்பு வருமா?

220-இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவரின் உச்ச இதயத் துடிப்பு கிடைக்கும் என்ற கணக்கு, உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர் அட்டவணைகளிலும் பல கைக்கடிகாரங்களின் தொடக்க அமைப்பிலும் குடியேறிவிட்டது. அதன்படி 45 வயதுக்காரரின் உச்சம் நிமிடத்துக்கு 175. இதைப் பத்துப் பத்து சதவீதமாக வெட்டி ஐந்து ஸோன்களாக்குவது வழக்கம். இலகுவான நெடுந்தூர ஓட்டத்துக்கான ஸோன் 2 என்பது உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 105 முதல் 122 துடிப்பு வரை. இந்த எண்ணைப் பிடித்து ஓடப் பார்ப்பவர்களில் பலர் சில நிமிடங்களிலேயே நடைக்கு இறங்கிவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் அவர்கள் உடலில் அல்ல, எண்ணில் இருக்கிறது.

இந்தச் சூத்திரத்தின் பிறப்பே தற்செயலானது. ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோர் 1971-இல் வெளியிட்ட, இதய நோய்த் தடுப்பும் உடலுழைப்பும் பற்றிய கட்டுரையோடு இது சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிறர் ஆய்வுகளிலிருந்து திரட்டிய புள்ளிகளை ஒரு வரைபடத்தில் இட்டு, அவற்றின் நடுவே கண்மதிப்பில் போட்ட கோடுதான் அது. உச்சத் துடிப்பைக் கணிப்பதற்கென்று தனி ஆய்வு நடத்திக் கண்ட சமன்பாடு அல்ல என்பதை ராபர்கஸும் லாண்ட்வெரும் 2002-இல் எழுதிய கட்டுரை விளக்கியது. 2001-இல் டனாகாவும் உடனாய்வாளர்களும் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் இன்னொரு சூத்திரத்தைத் தந்தார்கள். சராசரியை அது மேலும் நன்றாகச் சொல்கிறது. ஆனால் சிக்கல் சராசரியில் இல்லை. ஒரே வயதுக்காரர்களின் உச்சத் துடிப்பு, சராசரிக்கு இருபுறமும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரை பரவிக் கிடக்கிறது. மூன்றில் ஒருவர் அந்தப் பரவலுக்கும் வெளியே நிற்கிறார். செருப்புக் கடையில் வயதைக் கேட்டு அளவு கொடுப்பதைப் போன்ற வேலை இது.

இதற்கு மாற்று, துடிப்பின் உச்சியை ஊகிப்பதை விட்டுவிட்டு, உடலே காட்டும் ஒரு திருப்பத்தை அளப்பது. மெதுவாக ஓடும்போது தசைகளில் உண்டாகும் லாக்டேட்டை உடல் உடனுக்குடன் பயன்படுத்திக்கொள்கிறது. வேகம் கூடக்கூட ஒரு கட்டத்தில் உற்பத்தி செலவை மிஞ்சுகிறது, இரத்தத்தில் லாக்டேட் சேரத் தொடங்குகிறது, மூச்சு இரைக்கிறது, அந்த வேகத்தை நெடுநேரம் தாங்க முடிவதில்லை. இந்த இடத்துக்கு லாக்டேட் வரம்பு என்று பெயர். நல்ல பயிற்சியுள்ளவர் அதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்குவார். ஆய்வகத்தில் விரலில் குத்தி இரத்தம் எடுத்து இதைக் காண்பார்கள். மைதானத்தில் காண, அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரப்பிய 30 நிமிடச் சோதனை போதும்.

முந்தைய நாள் கடும் பயிற்சி இருக்கக் கூடாது. மேடு பள்ளமும் போக்குவரத்தும் இல்லாத பாதை வேண்டும். 400 மீட்டர் தடம் இருந்தால் இன்னும் நல்லது. கால் மணி நேரம் மெல்ல ஓடி உடலைச் சூடேற்றிய பின், தனியாக 30 நிமிடம் ஓட வேண்டும். அந்த அரை மணிக்குத் தாங்கக்கூடிய மிக உயர்ந்த சீரான வேகம் எதுவோ அதுதான் வேகம். பத்தாவது நிமிடத்தில் கடிகாரத்தின் லேப் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பே வரம்புத் துடிப்பு. முதல் பத்து நிமிடத்தை விடுவதற்குக் காரணம் உண்டு: கால்கள் வேகமெடுத்த பிறகும் துடிப்பு பின்தங்கியே ஏறிவரும். தனியாக ஓடச் சொல்வதும் வீண் அல்ல. பக்கத்தில் ஆள் இருந்தால் போட்டியாகிவிடும். போட்டியில் மனிதர் தம்மை மேலும் வருத்திக்கொள்வதால் எண் கூடிப்போகும்.

ஒரே 45 வயதுள்ள இருவர் இப்படி ஓடியதாக வைத்துக்கொள்ளலாம். முதலாமவருக்கு முதல் பத்து நிமிடச் சராசரி 158, கடைசி இருபதின் சராசரி 168. அவருடைய வரம்பு 168. இரண்டாமவருக்கு 148 வருகிறது. ஃப்ரீலின் ஓட்டக் கணக்கில் ஸோன் 2 என்பது வரம்புத் துடிப்பில் 85 முதல் 89 சதவீதம். முதலாமவருக்கு அது 143 முதல் 150 வரை. இரண்டாமவருக்கு 126 முதல் 132 வரை. இருவரும் சேர்ந்து 140 துடிப்பில் ஓடினால், முதலாமவர் கதை பேசிக்கொண்டே வருவார். இரண்டாமவர் வரம்பை நெருங்கி ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். சூத்திரமோ இருவருக்கும் அதே 140-ஐ மூன்றாம், நான்காம் ஸோன்களின் எல்லையில் வைக்கிறது. ஒருவரை அது தேவையில்லாமல் தடுக்கிறது, மற்றவரைத் தெரியாமல் களைக்க வைக்கிறது.

சோதனையும் பிழைக்கும். வழக்கமான தவறு, ஆர்வத்தில் முதல் ஐந்து நிமிடம் பறந்துவிடுவது. கடைசிப் பத்து நிமிடத்தின் வேகம் முதல் பத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் அந்த ஓட்டத்தை எண்ண வேண்டாம். முடித்த உடனே இன்னொரு சுற்று வேகமாக ஓடத் தெம்பு மிச்சமிருந்தால், முயற்சி போதவில்லை என்று பொருள்.

இன்னொரு பிழை கருவியில் ஒளிந்திருக்கிறது. மணிக்கட்டுக் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. கை வீச்சின் அதிர்வில் அது குழம்பி, துடிப்பை விட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். பலரின் காலடி நிமிடத்துக்கு 160 முதல் 180 என்பதால் ஏமாற்று எளிதில் தெரியாது. மூச்சு நிதானமாக இருக்கும் முதல் நிமிடத்திலேயே 170 காட்டினால் சந்தேகப்பட வேண்டும். மார்புப் பட்டை இதயத்தின் மின்குறிப்பையே படிப்பதால் சோதனைக்கு அதுவே ஏற்றது.

வெயிலும் புழுக்கமும் கணக்கில் கை வைக்கும். உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் குறைந்ததும் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்கிறது. வேகம் மாறாமலே துடிப்பு ஏறும். சென்னையின் மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு எடுத்த எண், விடியலில் ஓடுபவருக்குப் பொருந்தாது. தினமும் ஓடும் நேரத்திலேயே சோதிப்பது நல்லது.

இதய நோய் உள்ளவர்கள், நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர்கள், மருத்துவர் அனுமதியின்றி இதைச் செய்யக் கூடாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைக் கட்டிப்போடும் என்பதால் அதை உட்கொள்பவர்களுக்குச் சூத்திரமும் உதவாது. சில மாதமாவது தொடர்ந்து ஓடாதவர், முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு ஓடினாலே போதும். சைக்கிளுக்குத் தனிச் சோதனை வேண்டும். உடல் எடையை இருக்கை தாங்குவதால் அங்கே எண் பெரும்பாலும் சில துடிப்புகள் குறைவாக வரும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: 85, 89 என்ற சதவீதங்களும் பொதுவானவையே. அளந்தது வரம்பு மட்டும்தான். கீழ் ஸோன்களின் எல்லையைப் பேச்சைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

எட்டு வாரம் கழித்து முதலாமவர் மறுபடி சோதித்தால் எண் 168 அல்லது அதை ஒட்டியே வரக்கூடும். பயிற்சி வீணானதா என்று அப்போது கவலைப்படுவோர் உண்டு. பார்க்க வேண்டியது தூரத்தை. முன்பு அதே துடிப்பில் அரை மணியில் 5.1 கிலோமீட்டர் ஓடியவர் இப்போது 5.4 ஓடியிருந்தால் உடல் முன்னேறியிருக்கிறது. ஸோன்களை மாற்ற வேண்டியதில்லை.