கார்டை மூடியாயிற்று, கணக்கு மூடியதா?

மதுரையில் ஒரு பள்ளி ஆசிரியை தன் கிரெடிட் கார்டை மூட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 12-ஆம் தேதி வந்த ஸ்டேட்மெண்டில் மொத்த பாக்கி 32,824 ரூபாய். 25-ஆம் தேதி அதைப் பைசா குறையாமல் கட்டுகிறார். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கார்டை மூடச் சொல்கிறார். கார்டைக் குறுக்கே வெட்டிக் குப்பையில் போடுகிறார். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறார்.

மார்ச் 12-ஆம் தேதி மறுபடி ஒரு ஸ்டேட்மெண்ட் வருகிறது. பாக்கி 489 ரூபாய்.

இந்த 489 ரூபாய் வங்கியின் தவறும் அல்ல, மோசடியும் அல்ல. ஆசிரியை டிசம்பரில் 40,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தார். ஜனவரி ஸ்டேட்மெண்டுக்கு முழுத் தொகையையும் கட்ட முடியாமல் 10,000 மட்டும் கட்டினார். மீதி 30,000 அசலாக நின்றுவிட்டது. ஒரு மாதம் முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால், வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். பணம் வந்து சேரும் நாள் வரை அது தினமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சான ஸ்டேட்மெண்டில் 12-ஆம் தேதி வரையிலான வட்டிதான் இருக்கும். 13-ஆம் தேதியிலிருந்து 24 வரை பன்னிரண்டு நாட்களுக்கு அந்த 30,000 ரூபாய் அசலின் மேல் வட்டி ஓடியிருக்கிறது. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்றால், பன்னிரண்டு நாள் வட்டி சுமார் 414 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 75 ரூபாய். கூட்டினால் 489. ஆசிரியை பணம் கட்டிய அன்று இந்தத் தொகை எந்தக் காகிதத்திலும் இல்லை, ஆனால் வங்கியின் கணக்கில் இருந்தது.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கார்டைத் தூக்கிப் போட்டவர் அதன்பின் வரும் மின்னஞ்சல்களைத் திறப்பதில்லை. 489 ரூபாய்க்குக் கெடு தாண்டுகிறது, தாமதக் கட்டணம் சேர்கிறது, அதற்கு ஜிஎஸ்டி சேர்கிறது, வட்டி தொடர்கிறது. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால், பாக்கி தவறியதாக சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கி தெரிவிக்கலாம். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது, மறந்தே போன ஒரு கார்டின் பெயரில் அந்தக் கறை நிற்கும்.

அதனால் கார்டை மூட விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் ஸ்டேட்மெண்ட் தேதியை. வட்டி, வருடாந்திரக் கட்டணம் போன்ற தொகைகள் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் அந்தத் தேதியை ஒட்டித்தான். அது வருவதற்குள் மூடும் வேலையை முடித்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இதற்கு எத்தனை நாள் தேவை என்பதை ரிசர்வ் வங்கியின் விதியிலிருந்தே கணக்கிடலாம். கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல்களின்படி, எல்லா பாக்கியும் கட்டப்பட்டிருந்தால், மூடச் சொல்லிக் கேட்ட ஏழு வேலைநாட்களுக்குள் வங்கி மூடியாக வேண்டும். ஞாயிறு, வங்கி விடுமுறையான சனி எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் அது ஒன்பது, பத்து நாள். ஸ்டேட்மெண்ட் தேதி 12 என்றால், கோரிக்கை அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கோரிக்கைக்கு முன்னால் கார்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பதும் அவசியம். ஹோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ தேய்த்த பணம் சில சமயம் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் கணக்கில் பதிவாகும். ஓடிடி சந்தா, ஃபாஸ்டேக் ரீசார்ஜ், இன்சூரன்ஸ் பிரீமியம் என்று மாதாமாதம் தானாகப் போகும் தொகைகள் கார்டில் கட்டப்பட்டிருந்தால், அவற்றை முதலில் வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுத்து ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால் அது வரும்வரை பொறுப்பது நல்லது. கார்டில் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் மீதி அசலும், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும், அதற்கான ஜிஎஸ்டியும் சேர்ந்தே பாக்கி. ரிவார்டு பாயிண்ட் இருந்தால் மூடுவதற்கு முன்பே பயன்படுத்திவிட வேண்டும். மூடிய பிறகு பல வங்கிகளில் அது போய்விடும்.

அடுத்தது, வங்கியிடம் சரியான கேள்வியைக் கேட்பது. "எவ்வளவு பாக்கி?" என்றால் எதிர்முனையில் இருப்பவர் கடைசி ஸ்டேட்மெண்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். நமது ஆசிரியை பேச வேண்டியது இப்படி:

"இன்னிக்குத் தேதிக்கு கார்டை க்ளோஸ் பண்ணணும்னா மொத்தம் எவ்வளவு கட்டணும்? இன்னும் பில் ஆகாத வட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துச் சொல்லுங்க."

"உங்க பாக்கி ஜீரோ காட்டுது மேடம். க்ளோஸ் பண்ண வேண்டாமே, இந்த வருஷ ஃபீஸை நாங்க எடுத்துடறோம்."

"ஃபீஸ் விஷயம் இல்லைங்க. பிப்ரவரி 12-க்கு அப்புறம் ஓடின வட்டி இருக்கா, இல்லையா? அதைப் பார்த்துச் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் மேடம்... ஆமா, அடுத்த பில்லுல வரும். நானூத்தி எண்பத்தொன்பது ரூபா."

இந்த ஒரு நிமிடம்தான் முழு விவகாரத்தையும் தீர்க்கிறது. அந்தத் தொகையை அன்றே கட்டிவிடலாம். தொகையைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை என்றால் தோராயமாகக் கணக்கிட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே கட்டலாம். கூடுதல் பணம் வீணாகாது. மூடிய பின் கார்டுக் கணக்கில் மிச்சம் இருந்தால் அதை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பத்து ரூபாய் கூடினால் பத்து ரூபாய் திரும்பி வரும். பத்து ரூபாய் குறைந்தால் கார்டு மூடாமலே நிற்கும்.

குறைவாகக் கட்டுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஏழு வேலைநாளுக்குள் மூடாவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஆனால் கணக்கில் எந்தப் பாக்கியும் இல்லாதபோதுதான் இது செல்லும். சில்லறைப் பாக்கி நின்றாலும் அந்த உரிமை போய்விடும்.

கோரிக்கையை எந்த வழியிலும் தரலாம். ஹெல்ப்லைன், மின்னஞ்சல், இணையதளம், நெட் பேங்கிங், செயலி எனப் பல வழிகளை வங்கி திறந்து வைத்திருக்க வேண்டும். தபாலில்தான் கடிதம் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. இருந்தாலும் போனில் சொன்னதோடு நிறுத்தாமல், அன்றே ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுவது பின்னால் கை கொடுக்கும். கார்டின் கடைசி நான்கு எண்கள், கடைசியாகக் கட்டிய தொகை, கட்டிய தேதி, பணப்பரிமாற்ற எண், போனில் தந்த கோரிக்கை எண் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கார்டின் முழு எண்ணையோ, பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணையோ, ஓடிபியையோ எழுதக் கூடாது.

பிறகு வரும் பதில்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்ற குறுஞ்செய்தி வெறும் ரசீது. "உங்கள் கார்டு பிளாக் செய்யப்பட்டது" என்பது இனி அந்தக் கார்டைத் தேய்க்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. கணக்கு உயிரோடு இருக்கும், வட்டியும் கட்டணமும் ஏறலாம். "உங்கள் கிரெடிட் கார்டு கணக்கு இந்தத் தேதியில் மூடப்பட்டது" என்று வருவதுதான் மூடியதற்கான அறிவிப்பு. மூடியவுடன் இதை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தெரிவிக்க வங்கி கடமைப்பட்டது.

அதற்கு மேலும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். வங்கிக்காரர்கள் இதை நோ டியூஸ் சர்டிபிகேட் என்றோ என்ஓசி என்றோ சொல்வார்கள். வாடிக்கையாளரின் பெயர், கார்டின் கடைசி நான்கு எண்கள், மூடிய தேதி, அந்தத் தேதியில் பாக்கி பூஜ்ஜியம் என்ற வாசகம், கடிதத் தேதி ஆகியவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். கூடுதல் கார்டு யாருக்காவது வாங்கியிருந்தால் அதுவும் மூடப்பட்டதாக அதில் குறிப்பிடச் சொல்லலாம். வங்கியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து பிடிஎஃப் ஆக வந்தாலே போதும். போனில் பேசியவர் வாய்மொழியாகச் சொன்னதை நாளைக்கு யாரிடமும் காட்ட முடியாது.

நமது ஆசிரியை பிப்ரவரி 26-ஆம் தேதி 489 ரூபாயைக் கட்டி அன்றே கோரிக்கை கொடுத்திருந்தால், மார்ச் இரண்டாம் வாரத் தொடக்கத்துக்குள் கணக்கு மூடியிருக்கும். 10-ஆம் தேதி வரை மூடிய அறிவிப்பு வரவில்லை என்றால் 12-க்குக் காத்திராமல் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பழைய மின்னஞ்சலையே மேலெழுப்பி அனுப்பலாம். அப்படியும் 12-ஆம் தேதி ஸ்டேட்மெண்ட் வந்துவிட்டால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பாக்கி பூஜ்ஜியம் என்றிருந்தால் அதையும் பத்திரப்படுத்தலாம். ஏதாவது தொகை இருந்தால், அது எந்த நாட்களுக்கான வட்டி, எந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கெடு நெருங்குகிறது, பதில் இல்லை என்றால், சிறிய தொகையாக இருக்கும்பட்சத்தில் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டுக் கட்டிவிடுவதே சிபில் பதிவைக் காப்பாற்றும். தவறான தொகை என்றால் பின்னால் திரும்பக் கேட்கலாம்.

புகார் கொடுத்து முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. மின்னஞ்சல், கோரிக்கை எண், பணம் கட்டிய ரசீது எல்லாம் அங்கே தேவைப்படும்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. கார்டு மூடிய தகவலை முப்பது நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களில் வங்கி திருத்த வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அந்தக் கார்டின் வரிசையில் கணக்கு 'Closed' என்றும், பாக்கி பூஜ்ஜியம் என்றும் இருக்க வேண்டும். 'Settled' என்றிருந்தால், முழுப் பணத்தையும் கட்டாமல் பேரம் பேசி முடித்ததாக அர்த்தம். முழுதாகக் கட்டியவருக்கு அப்படிப் பதிவாகியிருந்தால், நோ டியூஸ் கடிதத்தை இணைத்து அந்தத் தளத்திலேயே திருத்தம் கேட்கலாம். முப்பது நாளுக்குள் அது தீராவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற வழியிருக்கிறது.