ஒரு குழியும் ஓர் ஊரும்

ஒரகடம் சாலையில் செல்பவர்கள் இருபுறமும் காண்பது மோட்டார்த் தொழிற்சாலைகளை. அவற்றுக்கு அண்மையில், காஞ்சிபுரம் மாவட்டத்தில், வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தார் அங்கு அகழாய்வு செய்தனர். ஏறத்தாழ முக்கால் மீட்டர் ஆழத்தில் கற்கருவிகள் கிடைத்தன. கண்ணாடி மணிகளும், சிறிய பொன் அணித்துண்டுகள் இரண்டும், ரோமானிய ஆம்போரா ஜாடியின் ஓடுகளும் வெளிப்பட்டன. பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பு என்று செய்தித்தாள்கள் எழுதின.

அச்செய்தியைப் படித்த ஒருவர் மூன்று முடிவுகளுக்கு வரக்கூடும். வடக்குப்பட்டில் ஆம்போரா ஓடு உண்டு என்பது முதலாவது. வடக்குப்பட்டு மக்கள் ரோமானியருடன் வாணிகம் செய்தனர் என்பது இரண்டாவது. தொண்டை நாட்டுச் சிற்றூர்கள் எல்லாமே அவ்வாணிகத்தில் பங்கு கொண்டன என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது அதே ஓடுகள்தாம். ஆனால் அவை மூன்றையும் ஒரே அளவு தாங்குவதில்லை.

முதல் முடிவுக்கு ஓர் ஓடே போதும். அது சரியான மண்ணடுக்கிலிருந்து வந்தது என்பதும், அது ஆம்போராவே என்பதும் உறுதியானால் கதை முடிந்தது. ‘உண்டு’ என்று சொல்வதற்கு நூறு சான்று தேட வேண்டியதில்லை. எத்தனை சான்று வேண்டும் என்று கேட்பவரிடம், எதைச் சொல்வதற்கு என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

இரண்டாம் முடிவில்தான் எண்ணிக்கை சிக்கலாகிறது. அகழாய்வில் முப்பது ஓடுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். முப்பது சான்றுகள் என்று மகிழ்வது இயல்பு. ஆம்போரா என்பது திராட்சை மதுவோ எண்ணெயோ நிரப்பி வந்த, இரு கைப்பிடிகளும் கூரிய அடியும் கொண்ட பெருஞ்சாடி. அது கீழே விழுந்து உடைந்தால் முப்பது துண்டாவது எளிது. ஆகவே ஆய்வாளர் துண்டுகளை எண்ணுவதோடு நில்லார். வாய் விளிம்புகளைத் தனியே பிரிப்பார், அடிப்பாகங்களைத் தனியே வைப்பார், கைப்பிடிகளையும் அவ்வாறே. ஒரு சாடிக்கு அடி ஒன்று, கைப்பிடி இரண்டு. இரண்டு அடிகளும் மூன்று கைப்பிடிகளும் கிடைத்தால், குறைந்த அளவு இரண்டு சாடிகள் வந்தன என்றுதான் கூற முடியும். முப்பது சான்று இரண்டு சான்றாகச் சுருங்கிவிட்டது! அவ்விரண்டும் ஒரே வணிகனின் ஒரே வண்டியில் வந்திருந்தால் அதனினும் சுருங்கும். ஒன்றிலிருந்து ஒன்று பிறவாத, தனித்தனியே நிகழ்ந்த செய்திகளே சான்றுகளாக எண்ணத்தக்கவை. வடக்குப்பட்டு மக்கள் நேரே கடற்கரைப் பட்டினத்துக்குச் சென்று வாங்கினரா, வெறும் சாடி மட்டும் தண்ணீர் வைக்கக் கைமாறி வந்ததா என்பதும் ஓட்டில் எழுதியிருப்பதில்லை.

இவ்வகைத் தவறு பேரறிஞர்களுக்கும் நேர்ந்ததுண்டு. 1945ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் என்னும் சிவந்த மட்கலத்தின் ஓடுகள் அங்கு அவருக்குக் கிடைத்தன. அக்கலத்தின் காலம் ஐரோப்பாவில் நன்கு தெரிந்திருந்தது. அதனைப் பிடியாகக் கொண்டு, அரிக்கமேட்டு வாணிகத் தலம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி, மேலைநாட்டு வணிகரின் வரவால் எழுந்தது என்று அவர் வகுத்தார். உள்வட்டமாகப் புள்ளிவரிகள் ஓடும் ரௌலட்டட் என்னும் மெல்லிய கலத்தையும் மேலைநாட்டுத் தொடர்புடையதாகவே கொண்டார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அவர் தந்த கால அளவுகோல் பெருங்கொடை என்பதை மறுப்பாரில்லை. எனினும் அந்த அளவுகோல் ஓர் ஊரில் ஒரு பருவம் தோண்டியதன் மீது நின்றது.

பின்னர் என்ன நிகழ்ந்தது? ரௌலட்டட் கலம் வங்கத்துச் சந்திரகேதுகரிலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், நம் அழகன்குளத்திலும், கடல் கடந்த ஜாவாவிலும் பாலியிலும் கிடைத்தது. மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் அது இந்திய மண்ணில் வனையப்பட்டது என்பது தெளிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினர் அரிக்கமேட்டை மீண்டும் தோண்டியபோது, ரோமானியக் கலங்கள் வருவதற்கு முன்பே அங்கு ஊர் இருந்தது என்பது வலுப்பட்டது. வீலரின் கண்டுபிடிப்புகள் பொய்யல்ல. ஒரு தலத்தின் ஒரு காட்சியைக் கொண்டு காரணமும் தொடக்கமும் கூறியதே நிலைக்கவில்லை. புதிய ஊர் ஒவ்வொன்றும் சேரச் சேர அது பிசகுவது தெரிந்தது.

இனி மூன்றாம் முடிவு. ‘எல்லாம்’, ‘பெரும்பாலும்’ என்னும் சொற்கள் வந்துவிட்டால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அக்கணக்கு கடினமன்று. ஒரு பெரிய மேட்டுநிலத்தைச் சில நூறு சதுரங்களாக வகுத்து, ஐந்து சதுரங்களைக் குலுக்கல் முறையில் எடுத்துத் தோண்டுகிறோம் என்க. ஐந்திலும் கற்கருவி கிடைக்கிறது. எல்லாச் சதுரத்திலும் கருவி உண்டு என்று சொல்லலாமா? உண்மையில் நூற்றுக்கு அறுபது சதுரங்களில் மட்டுமே கருவி இருந்தால், எடுத்த ஐந்திலும் அது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? 0.6 என்பதை ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.08 வரும். நூற்றுக்கு எட்டு. ஆகவே நிலத்தின் ஐந்தில் இரண்டு பங்கு வெறுமையாக இருக்கக்கூடும் என்பதை ஐந்து வெற்றிகளும் சேர்ந்து விலக்கிவிடவில்லை.

நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் உண்டு என்று சொல்ல விரும்பினால், எத்தனை சதுரங்கள் வேண்டும்? 0.9 என்பதைத் திரும்பத் திரும்பப் பெருக்கி, நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அது இருபத்தொன்பதாம் பெருக்கலில் வருகிறது. இருபத்தொன்பது சதுரங்கள், ஒன்றும் தவறாமல்! இந்த ‘நூற்றுக்கு ஐந்து’ ஆய்வாளர் வழக்கமாக ஏற்கும் எல்லையே தவிர, இயற்கை வகுத்த விதியன்று. இன்னும் கடுமையான எல்லை கேட்பவர்க்கு இன்னும் அதிகச் சதுரங்கள் வேண்டும். இல்லை என்பதற்கும் இக்கணக்கே பொருந்தும். பத்துச் சதுரத்தில் இரும்பு கிடைக்கவில்லை என்றால், நிலத்தின் கால் பங்கில் இரும்பு புதைந்திருக்கலாம் என்பதை அது உறுதியாக விலக்காது. அவ்வாறு இருந்தும் பத்தும் வெறுமையாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேலே இருக்கிறது.

குலுக்கல் முறை என்று சொன்னேனே, அச்சொல்லில்தான் மேற்படி கணக்கின் உயிர் இருக்கிறது. தொல்லியலார் குலுக்கிப் போட்டுத் தோண்டுவது அரிது. மேலே ஓடுகள் சிதறிய இடத்தையோ, பழஞ்சிற்பம் கிடக்கும் இடத்தையோதான் தேர்வர். அதில் குற்றமில்லை, குறைந்த பணத்தில் ஏதேனும் கிடைக்க வேண்டுமல்லவா? ஆனால் கிடைக்கும் என்று எண்ணிய இடத்தைத் தோண்டிக் கிடைத்ததை வைத்து, தோண்டாத இடத்தைப் பற்றிப் பேசினால், இருபத்தொன்பது குழியும் ஒரு குழிக்குச் சமமாகிவிடும்.

இரண்டாவது ஒரு தடை வடக்குப்பட்டுப் பகுதிக்கே உரியது. ஒரு சிற்றூரைப் பற்றிய செய்தியைத் தொண்டை நாட்டுச் சிற்றூர்களுக்கு விரிக்க வேண்டுமானால், அச்சிற்றூர்களின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, குலுக்கி, சிலவற்றில் தோண்ட வேண்டும். இங்கே ஊர்களே சதுரங்கள். ஓர் ஊரில் எத்தனை குழி வெட்டினாலும் ஊர் ஒன்றுதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பல நிலங்களின் மேல் இன்று கற்காரைத் தளமும் தொழிற்கூடமும் நிற்கின்றன. அந்நிலங்களைப் பட்டியலில் எழுதலாம். குலுக்கலில் அவற்றின் பெயர் வந்தால் தோண்ட முடியாது. எஞ்சிய ஏரிக்கரையும் புன்செயும் மட்டுமே மண்வெட்டிக்கு எட்டும். அங்கு கிடைப்பது ஏரிக்கரை ஊர்களைப் பற்றிச் சொல்லும். தளத்தின் கீழ் மறைந்த ஊர்களும் அவ்வாறே இருந்தன என்பதை அது சொல்வதில்லை.