வெள்ளமட்டத்திலிருந்து கீழே எத்தனை மீட்டர்?

பாலத்தின் முதல் வரைபடம் வருவதற்கு முன்பே எழுதப்படுவது ‘டிசைன் பேசிஸ் ரிப்போர்ட்’, அதாவது வடிவமைப்பு அடிப்படை அறிக்கை. எந்த விதிநூல், எவ்வளவு பாரம், எவற்றை ஊகமாகக் கொண்டோம் என்பதை அது சொல்லும். சரிபார்க்கும் பொறியாளர் இதை ஒப்புக்கொண்ட பிறகே கணக்கு தொடங்கும்.

ஊர்ச்சாலை ஒன்று காட்டாற்றைக் கடக்கும் இடத்தில் 10 மீட்டர் நீளத்தில் ஒற்றைக்கண் பாலம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வண்டிப்பாதையின் அகலம் 5.5 மீட்டர். பாரங்களுக்கு இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 6, கான்கிரீட்டுக்கு 112, அடித்தளத்துக்கு 78 என விதிநூல்கள் பதிப்பாண்டோடு குறிக்கப்படும். இந்த அகலத்துக்கு 55.4 டன் கொண்ட ‘ஏ’ வகுப்பு வண்டித்தொடர் இரண்டு வரிசையாக வருவதையும், ‘70ஆர்’ வண்டி ஒன்று தனியே வருவதையும் போட்டுப் பார்த்து, எது கடுமையோ அதற்கு வடிவமைக்க வேண்டும். இதிலெல்லாம் தடுமாற்றம் குறைவு. விதிநூலிலேயே எண் இருக்கிறது.

தடுமாற்றம் வருவது ஆற்றுமணலில்தான். வெள்ளம் மணலை அரித்துக் குழி பறிக்கும் ஆழத்தை விதிநூலில் உள்ள லேசி சூத்திரத்தால் கணிக்கிறோம். நம் ஆற்றில் வினாடிக்கு 60 கனமீட்டர் வெள்ளம் வரும் என்று கொள்வோம். அடித்தளத்துக்காக அதை 30 சதவீதம் கூட்டி 78 ஆக்க வேண்டும். அது 10 மீட்டர் அகலத்தில் ஓடுகிறது. மணல் சராசரியாக அரை மில்லிமீட்டர் பருமன் என்றால், கரைத்தாங்கி அருகே அரிப்பு வெள்ளமட்டத்திலிருந்து சுமார் 6.2 மீட்டர் கீழே போகும். அதற்கும் கீழே 2 மீட்டராவது அடித்தளம் இறங்க வேண்டும்.

அதே ஆற்றில், மேலே கிடக்கும் மணலுக்கு அடியில் 0.16 மில்லிமீட்டர் வண்டல் இருந்தால் அரிப்பு 7.5 மீட்டரைத் தொடும். மேல்மணலை ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்துவிட்டு எழுதிய ஊகம், அடித்தளத்தை 1.3 மீட்டர் மேலேயே நிறுத்திவிடும். கான்கிரீட்டில் ஒரு பிழையும் இல்லாமலேயே அந்தப் பாலம் சாயக்கூடும். ஆகவே மாதிரி எந்த ஆழத்தில், எந்தத் துளையில் எடுக்கப்பட்டது என்று அறிக்கை சொல்லியே ஆக வேண்டும். சொல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புவதே முறை. வெள்ளமட்டத்துக்கும் அப்படித்தான்: கோயில் சுவரில் பதிந்த கறையா, ஊர்ப் பெரியவர் காட்டிய இடமா, மழைக் கணக்கா என்று எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. பாலத்துக்குக் கீழ்ப்புறம் மணல் அள்ளினால் ஆற்றுப்படுகையும் நீர்மட்டமும் சேர்ந்தே தாழும். அரிப்பு மட்டமும் கூடவே இறங்கும். அடித்தளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் கட்டும்போதிருந்த படுகைமட்டத்தையும் அறிக்கையில் பதிவது நல்லது. பின்னாளில் ஆய்வுக்கு வருபவர் கோடையில் ஒரு மட்டக்கோலை நட்டு, அந்த எண்ணோடு ஒப்பிட்டு, எத்தனை சென்டிமீட்டர் மண் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.